குழந்தை வண்டியைத் தள்ளும்போது காலடிகள் எங்கே போகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில் வடசேரியில் எங்கள் தெருவில் காலை ஆறு மணிக்கு மூன்று குழந்தை வண்டிகள் வெளியே வரும். அதில் ஒன்று என் பேரனுடையது, தள்ளுவது நான். வளைகுடாவிலிருந்து மகள் வண்டியையும் அனுப்பினாள், கையில் கட்டக் காலடி எண்ணும் ஒரு கடிகாரத்தையும் அனுப்பினாள். இரண்டும் ஒத்துப்போகவில்லை. நெடுங்காலம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் என்பதால், யாருடைய கடிகாரம் காலடியைக் குறைத்துக் காட்டினாலும் அவர் என் வாசலில்தான் வந்து நிற்கிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அவர்கள் கேட்ட கேள்விகளை அப்படியே எழுதி, கீழே பதிலைத் தந்திருக்கிறேன்.

“தினமும் அரை மணி நேரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கிறேன். முந்நூறு அடிகூட ஏறவில்லை. கடிகாரம் கெட்டுவிட்டதா, சார்?”

பெரும்பாலும் கெட்டிருக்காது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். வண்டியை வீட்டில் விட்டுவிட்டுத் தெருவுக்கு வாருங்கள். கடிகாரத்தில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு கைகளையும் வழக்கம்போல வீசி, மனத்துக்குள் எண்ணியபடி நூறு அடி நடந்து நில்லுங்கள். உடனே பார்க்காமல் ஒரு நிமிடம் பொறுங்கள்; சில கடிகாரங்கள் எண்ணியதைச் சற்றுத் தாமதமாகத்தான் திரையில் ஏற்றும். எண் தொண்ணூற்றைந்துக்கும் நூற்றைந்துக்கும் நடுவில் கூடியிருந்தால் உங்கள் கடிகாரம் நலமாக இருக்கிறது. கைப்பிடியைப் பிடித்ததும்தான் அதற்குக் கண் மறைந்துபோகிறது.

கடிகாரம் செய்கிறவர்களுக்கும் இது புதிதல்ல. குழந்தை வண்டியைத் தள்ளும்போது கருவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள் என்று கார்மின் தன் கையேடுகளிலேயே எழுதியிருக்கிறது. ஆப்பிளும் வண்டி தள்ளுகிறவர்களை, சாதாரணக் கணக்கை நம்பாமல் உடற்பயிற்சிச் செயலியைத் தொடங்கிவிட்டு நடக்கச் சொல்கிறது.

“நடப்பது கால். கட்டியிருப்பது கையில். கை எப்படிக் காலைக் கணக்கெடுக்கிறது?”

கடிகாரத்துக்குள் முடுக்கமானி என்ற ஒரு சிறு சில்லு இருக்கிறது. முன் பின், இடம் வலம், மேல் கீழ் என மூன்று திசைகளிலும் கை எவ்வளவு வேகமாகத் தன் அசைவை மாற்றுகிறது என்பதை அது ஒரு நொடிக்குப் பல முறை அளக்கிறது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். கால், தரை, செருப்பு எதுவும் அதற்குத் தெரியாது.

நாம் நடக்கும்போது கைக்கு இரண்டு சேதிகள் வந்து சேர்கின்றன. ஒன்று கைவீச்சு. வலக்கை ஒரு முறை முன்னே போய்ப் பின்னே வருவதற்குள் கால்கள் இரண்டு அடி வைத்துவிடுகின்றன. இன்னொன்று உடலின் ஏற்ற இறக்கம். ஒவ்வோர் அடிக்கும் தோள் சற்று எழுந்து தாழ்கிறது. குதிகால் தரையைத் தொடும்போது ஒரு சின்ன அதிர்வு முதுகு வழியாகத் தோளுக்கு ஏறிக் கைக்கு இறங்குகிறது. இந்த இரண்டும் ஒரே சீராக, ஒரு நொடிக்கு ஏறக்குறைய இரண்டு அடி என்ற தாளத்தில் வந்தால், “ஆள் நடக்கிறார்” என்று கடிகாரம் முடிவுகட்டுகிறது. தாளம் மிக மெதுவாக இருந்தாலோ மிக வேகமாக இருந்தாலோ தள்ளிவிடுகிறது. தாளம் சரியாக இருந்தும் அசைவு மிகச் சிறியதாக இருந்தால், அதையும் தள்ளிவிடுகிறது. இல்லையென்றால் காய்கறி நறுக்குவதும் கைதட்டுவதும் நடையாகிவிடுமே! (இத்தனை காவல் இருந்தும் சில சமயம் ஆகிவிடுகிறது. அது கடைசியில் வரும்.)

“மழையில் குடை பிடித்துக்கொண்டு போனால்கூட கை ஆடுவதில்லை. ஆனால் அடி ஏறுகிறது. வண்டியில் மட்டும் ஏன் ஏறுவதில்லை?”

இதுதான் சரியான கேள்வி. “கை ஆடவில்லை, அதனால் எண்ணவில்லை” என்பதுதான் எல்லோரும் சொல்லும் விளக்கம். அது பாதி விளக்கம். தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் பெய்கிற நம் மாவட்டத்தில் குடை பிடித்து நடந்தவர்களுக்கு மீதிப் பாதி தானே தெரிந்திருக்கும். குடை பிடித்த கை வீசாவிட்டாலும், தோளோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. இரண்டு சேதிகளில் ஒன்று போனாலும் மற்றொன்று வந்துகொண்டிருக்கிறது. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போகும்போதும் அப்படித்தான்.

வண்டியின் கைப்பிடியைப் பிடித்தவுடன் கை உடலுக்குச் சொந்தமில்லாமல் வண்டிக்குச் சொந்தமாகிவிடுகிறது. வண்டியின் சக்கரம் தரையில்தான் உருள்கிறது. நீங்கள் அடி வைப்பதற்காக அது எழுந்து தாழ்வதில்லை. ஆகவே கைப்பிடியும் ஒரே உயரத்தில் நிற்கிறது. தோள் மட்டும் ஏறி இறங்குகிறது. நடுவில் யார் சமாளிக்கிறார்கள்? அடுத்த முறை தள்ளும்போது உங்கள் முழங்கையைப் பாருங்கள். ஒவ்வோர் அடிக்கும் அது துளி மடங்கித் துளி விரியும். பஸ்ஸின் அடியில் உள்ள வில்தகடு குழியின் அடியை வாங்கிக்கொள்வதுபோல, தோளின் அசைவை முழங்கை வாங்கிக்கொள்கிறது. மணிக்கட்டுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விளங்கிவிடும். நடக்கும்போது உடல் சுமார் 4 செ.மீ. ஏறி இறங்குகிறது, நடுவிலிருந்து பார்த்தால் மேலே 2, கீழே 2. நிமிடத்துக்கு 110 அடி என்ற நடையில் இது உண்டாக்கும் முடுக்கத்தின் உச்சம், புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. சில்லுக்கு இது தாராளம். கைப்பிடியில் உங்கள் நடை உண்டாக்கும் அசைவு மேலும் கீழும் இல்லை. வண்டி முன்னால் போவதில் ஒரு சிறு தயக்கமாகத்தான் தெரியும். அது நடுவிலிருந்து முன்னே 2, பின்னே 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதே தாளத்தில் அசைவு பத்தில் ஒன்றானால் முடுக்கமும் பத்தில் ஒன்றாகும். அந்த அளவுக்குக் குறைந்ததை, மேசையில் கையை ஊன்றி உட்கார்ந்திருப்பவரின் அசைவிலிருந்து பிரித்தறியக் கடிகாரத்துக்குத் துணிவில்லை. எந்த அளவுக்குக் கீழே தள்ளிவிட வேண்டும் என்பது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறுபடும். அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரருக்கு வண்டியோடு ஆயிரம் ஏறும்போது உங்களுக்கு முந்நூறு ஏறுகிறது.

“நீங்களே சோதித்துப் பார்த்தீர்களா, அல்லது புத்தகத்தில் படித்ததைச் சொல்கிறீர்களா?”

கேட்டவர் என் பழைய மாணவர். வகுப்பிலும் இப்படித்தான் கேட்பார்.

சோதித்தேன். எங்கள் தெரு சிமெண்ட் தெரு, சமதளம். ஒவ்வொரு முறையும் 500 அடி. கையில் எண்ணும் சிறு அழுத்துகருவி ஒன்று. அதைக் கடிகாரம் இல்லாத கையில் வைத்துக்கொண்டேன். வண்டியில் பேரனுக்குப் பதிலாக அரிசிப் பை. பேரன் இருந்தால் ஐம்பதாவது அடியில் நின்று காக்கை காட்ட வேண்டும், எண்ணிக்கை குழம்பிவிடும்.

இரு கைகளையும் வீசி நடந்தபோது கடிகாரம் 498 காட்டியது. அடுத்து வண்டி இல்லாமல், தட்டு ஏந்துவதுபோலக் கையை முன்னால் நீட்டி, வீசாமல் நடந்தேன்: 452. இந்த எண்ணைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கச் சொல்வேன். கைவீச்சு முழுவதும் போயும் நாற்பத்தெட்டு அடிதான் காணாமல் போயிருக்கிறது. பிறகு இரு கைகளாலும் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினேன்: 41. கடிகாரம் கட்டிய இடக்கையால் மட்டும் தள்ளி, வலக்கையை வீசினேன்: 68. மாற்றி, வலக்கையால் தள்ளி இடக்கையை வீசினேன்: 489.

அந்த 41 எங்கிருந்து வந்தது என்று திரையைப் பார்த்துக்கொண்டே இன்னொரு முறை நடந்தேன். எண் வெகுநேரம் அசையாமல் நின்றது. தெருக் கோடியில் வியர்வையைத் துடைக்கக் கையை எடுத்து, அப்படியே பதினைந்து அடி போல நடந்தேன். எண் ஒரே குதியாகப் பதினான்கு ஏறியது. மீண்டும் கைப்பிடி, மீண்டும் உறக்கம். ஆக, வண்டி நடையில் ஏறுகிற கொஞ்சநஞ்ச அடிகளும் பெரும்பாலும் கைப்பிடியை விட்ட நேரத்து அடிகள்தான்.

இது என் கடிகாரத்தின் கணக்கு. உங்களுடையதில் எண்கள் மாறும். வரிசை மாறும் என்று நான் நினைக்கவில்லை.

“சிமெண்ட் தெருவில் ஏறவே இல்லை. இன்டர்லாக் கல் பதித்த நடைபாதையில் கொஞ்சம் ஏறுகிறது. அங்கே சரியாக எண்ணுகிறதா?”

இல்லை. அங்கே எண்ணப்படுவது உங்கள் காலடியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கல்லுக்குக் கல் உள்ள இடுக்கில் சக்கரம் ஏறி இறங்கும் ஆட்டம் கைப்பிடி வழியாக மணிக்கட்டுக்கு வருகிறது. கல்லின் நீளம் 20 செ.மீ., உங்கள் வேகம் நொடிக்கு 1.2 மீட்டர் என்றால் நொடிக்கு ஆறு தட்டு. இது மனித நடையின் தாளத்தைவிட மூன்று மடங்கு வேகம் என்பதால் கடிகாரம் பெரும்பாலும் வடிகட்டிவிடும். ஆனால் கற்கள் சில இடங்களில் அமிழ்ந்தும் சில இடங்களில் தூக்கியும் இருக்குமே. அந்த ஒழுங்கற்ற குலுக்கல்களில் சில, நடையின் தாளத்தை ஒத்து வந்துவிடும். அவற்றை அடி என்று எண்ணிவிடுகிறது. நான் ஒரே நடைபாதையில் 500 அடி நடந்து ஒரு நாள் 130, மறுநாள் 212 பெற்றேன். ஒரே பாதைக்கு இரண்டு நாளில் இத்தனை வேறுபாடு வந்தால் அதை அளவு என்று சொல்லக் கூடாது.

“சரி, என்ன செய்யலாம்? ஒரு கையால் தள்ளினால் போதுமா?”

சமதளத்தில், போக்குவரத்து இல்லாத தெருவில் போதும். கடிகாரம் கட்டிய கை வெளியே இருக்க வேண்டும், அவ்வளவுதான். கை மாற்றித் தள்ளுகிறவர் என்றால் அந்தந்த நேரத்து அடிகள் போய்விடும்.

ஆனால் சரிவிலும் முதன்மைச் சாலை ஓரத்திலும் வேண்டாம். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆனி, ஆடிக் காற்றில் ஒற்றைக் கைப் பிடியை நம்பவே வேண்டாம். காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்றுக்கு மேல்மூடி விரித்த வண்டி ஒரு பாய்மரம். இரண்டு கைகளும் வண்டியில் இருக்கட்டும். கடிகாரத்தின் இடத்தை மாற்றுங்கள்.

“கணுக்காலில் கட்டலாம் என்கிறார்களே?”

கட்டலாம். என் சோதனையில் 500-க்கு 506 வந்தது. காலுக்குத்தான் வண்டியோடு எந்த ஒட்டும் இல்லையே. வெளிப்பக்கம், கணு எலும்புக்குச் சற்று மேலே, சுழலாத அளவுக்கு இறுக்கமாகக் கட்டுங்கள். வார் எட்டவில்லை என்றால் காலுறைக்குள் செருகிக்கொள்வதும் நடக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். கைக்கென்று எழுதப்பட்ட கணக்கு முறையைக் காலில் ஓட்டுகிறோம். ஒரு காலின் வீச்சு இரண்டு அடிக்கு ஒரு முறைதான் வருகிறது. சில கடிகாரங்கள் இதைச் சரியாகப் புரிந்துகொள்ளும், சில பாதியாகவோ கூடுதலாகவோ காட்டும். நூறு அடி எண்ணிப் பார்க்காமல் நம்ப வேண்டாம். அடுத்து, இதயத் துடிப்பு. மணிக்கட்டுத் தோலின் மேல் ஒளி பாய்ச்சி அளக்கும் கருவி கணுக்காலில் தடுமாறும். அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து மருத்துவரிடம் ஓடாதீர்கள்.

“நைட்டியிலும் சேலையிலும் பை கிடையாது. நான் எங்கே வைத்துக்கொள்வேன்?”

ஆண்கள் எழுதும் பதில்களில் “கால்சட்டைப் பையில் போடுங்கள்” என்று எளிதாக முடிந்துவிடும் என்று என் மனைவி சொல்லிக்காட்டினாள். கால்சட்டைப் பை நல்ல இடம்தான். தொடை ஒவ்வோர் அடிக்கும் முன்னும் பின்னும் போவதால் எனக்கு 495 வந்தது. பை இல்லாதவர்களுக்கு இடுப்பு இன்னும் நல்ல இடம். மணிக்கட்டுக் கடிகாரங்கள் வருவதற்கு முன் காலடி எண்ணும் கருவிகளை இடுப்பு வாரில்தான் மாட்டினார்கள். 1965-இல் ஜப்பானில் “பத்தாயிரம் அடி” என்ற பெயரோடு விற்பனைக்கு வந்த கருவியும் இடுப்பில் மாட்டுவதே. எல்லோரும் துரத்துகிற பத்தாயிரம் என்ற எண்ணே அந்த விளம்பரப் பெயரிலிருந்து வந்ததுதான்.

சேலை என்றால் பாவாடை நாடாவில் வாரைக் கோத்து, கடிகாரம் இடுப்பெலும்பின் மேல் உடலோடு ஒட்டி நிற்கும்படி விடுங்கள். முந்தானையில் முடிந்து தொங்கவிட்டால் அது தன்னிச்சையாக ஆடும். ஓர் அடி இரண்டாகும். நைட்டி என்றால் கணுக்கால்தான் வழி. வேட்டி, கைலி கட்டுகிறவர்கள் மடிப்பில் செருகலாம் என்று நானும் நினைத்தேன். இரண்டாவது திருப்பத்தில் கடிகாரம் சாக்கடை ஓரத்தில் விழுந்தது. பேரன் சிரித்தான்.

“கைப்பேசி வண்டியின் கீழ்க் கூடையில் இருக்கிறதே. அதில் உள்ள கணக்கை எடுத்துக்கொள்ளலாமா?”

கூடையில் இருக்கும் கைப்பேசியும் ஒரு பயணி. உங்கள் மணிக்கட்டுக்காவது முழங்கை வழியாக ஏதோ கொஞ்சம் தொடர்பு இருக்கிறது. கூடைக்கு அதுவும் இல்லை. கைப்பிடியில் மாட்டிய தோள்பைக்கும் இதே கதைதான். கைப்பேசியை உடலில் வைத்தால் அது நன்றாக எண்ணும்.

“நடைப் பயிற்சி என்று தொடங்கிவிட்டு நடந்தால் தூரம் காட்டுகிறது. அதிலிருந்து அடியைக் கண்டுபிடிக்க முடியுமா?”

முடியும், ஒரு நிபந்தனையோடு. அந்தத் தூரம் எங்கிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். நடை முடிந்ததும் வரைபடத்தில் நீங்கள் போன பாதை கோடாக வந்தால், ஜி.பி.எஸ். அளந்த தூரம். கோடு வரவில்லை என்றால், விலை குறைந்த பல கடிகாரங்களில் தூரம் என்பதே அடிகளின் எண்ணிக்கையை ஓர் அடியின் நீளத்தால் பெருக்கியதுதான். அடி காணாமல் போயிருந்தால் தூரமும் கூடவே காணாமல் போயிருக்கும். அதைக் கொண்டு அடியைத் திரும்பக் கண்டுபிடிப்பது, பொய் சொன்னவனையே சாட்சிக்குக் கூப்பிடுவது போல.

கோடு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து உங்கள் அடியின் நீளம் வேண்டும். அதை வண்டியோடுதான் அளக்க வேண்டும். வண்டியின் பின்னச்சில் கால் இடிக்காமல் இருக்க நாம் நம்மை அறியாமலே அடியைக் குறுக்கிக்கொள்கிறோம். தெருவில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டு, அங்கிருந்து வழக்கமான வேகத்தில் நூறு அடி தள்ளிச் சென்று, முடிந்த இடத்தில் இன்னொரு கோடு போட்டேன். கொத்தனாரிடம் நாடாவை இரவல் வாங்கி அளந்ததில் 62 மீட்டர். ஓர் அடி 62 செ.மீ. வண்டி இல்லாமல் அதே நூறு அடி 68 மீட்டர் வந்தது.

ஒரு நாள் காலை நடையில் ஜி.பி.எஸ். காட்டியது 1.86 கி.மீ. கடிகாரம் காட்டிய அடிகள் 270. முதலில் 1860 மீட்டரை 270-ஆல் வகுத்துப் பார்த்தேன்: ஓர் அடிக்கு ஏறத்தாழ ஏழு மீட்டர். உலகளந்த பெருமாளுக்குத்தான் பொருந்தும். உங்கள் அடிகள் காணாமல் போகின்றனவா என்று தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி இல்லை. ஒரு மீட்டரைத் தாண்டினாலே சந்தேகப்படுங்கள். பிறகு 1860-ஐ 0.62-ஆல் வகுத்தேன்: 3000. அதுதான் அன்றைய நடை. வண்டியில்லா நடையின் 0.68-ஐப் போட்டிருந்தால் 2735 வந்திருக்கும். 265 அடி மறுபடியும் தொலைந்திருக்கும்.

ஜி.பி.எஸ். தவறே செய்யாது என்றும் எண்ண வேண்டாம். அடர்ந்த தென்னந்தோப்பு ஓரத்திலும் குறுகிய சந்திலும் கோடு வீட்டுக் கூரைகளின் மேல் ஏறி இறங்கும். பக்கத்து வீட்டுக்காரரோடு பேச நின்றால், நின்ற இடத்திலேயே கோடு கிறுக்கித் தூரத்தைக் கூட்டும். நிற்கும்போது பயிற்சியையும் நிறுத்தி வையுங்கள்.

“ஜி.பி.எஸ். இல்லாத கடிகாரம். வேறு வழி?”

ஒரு நிமிடத்தில் எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று, நடையின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் மூன்று முறை எண்ணிச் சராசரி எடுங்கள். 104 வந்து, நின்ற நேரத்தைக் கழித்து 25 நிமிடம் நடந்திருந்தால் 2600. இதில் தவறு வருவது எண்ணுவதில் இல்லை. நின்ற நேரத்தைக் கழிப்பதில்தான்.

“செயலியில் உணர்திறனைக் கூட்டும் வசதி இருக்கிறது. கூட்டிவிடலாமா?”

கூட்டாதீர்கள். அப்படிச் செய்தால் வண்டி நடையில் சில நூறு அடி கூடலாம். ஆனால் நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டத்துக்குப் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனாலும் அடி ஏறத் தொடங்கிவிடும். ஒரு பக்கம் கிழிசலைத் தைக்க மறுபக்கம் கிழிகிற வேலை.

“ரப்பர் வெட்டப் போகிறேன். கைப்பிடி எதையும் பிடிப்பதில்லை, ஆனாலும் அடி குறைகிறது. ஏன்?”

குலசேகரம் பக்கத்திலிருந்து வந்த கேள்வி. காரணம் வேறு. பல கடிகாரங்கள் முதல் அடியிலேயே எண்ணத் தொடங்குவதில்லை. எட்டுப் பத்து அடி தொடர்ந்து சீராக வந்தபின்தான் “இது நடை” என்று ஒப்புக்கொண்டு, முன்பு வைத்தவற்றையும் சேர்த்துக்கொள்ளும். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு ஐந்தாறு அடி, பிறகு நின்று பட்டையைச் சீவல், மறுபடி ஐந்தாறு அடி. அந்த வாசலைத் தாண்டவே முடிவதில்லை. கடிகாரத்தை எங்கே கட்டினாலும் இது முழுவதும் தீராது. குழந்தை அழுகிறது என்று பத்தடிக்கு ஒரு முறை வண்டியை நிறுத்துகிறவர்களுக்கும் இந்த இழப்பு உண்டு.

“டிரெட்மில்லில் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். அப்பா வாக்கரைப் பிடித்து நடக்கிறார். இரண்டும் ஒன்றா?”

கடிகாரத்தைப் பொறுத்தவரை உறவினர்கள். டிரெட்மில்லின் கம்பி அசையவே அசையாது என்பதால் குழந்தை வண்டியைவிட மோசம். அங்கே இயந்திரத்தின் திரையில் வரும் தூரம் பட்டை ஓடியதிலிருந்து கணக்கிடப்படுவது. அதை உங்கள் அடி நீளத்தால் வகுத்துக்கொள்ளலாம்.

அப்பாவுக்கு இரட்டை இழப்பு. கையும் கட்டுண்டிருக்கிறது, நடையும் மெதுவானது. மெதுவான நடையில் உடலின் ஏற்ற இறக்கமே குறைவு. வாக்கரிலிருந்து கையை எடுக்கச் சொல்லவே கூடாது. கணுக்காலில் கட்டி, நீங்கள் கூடவே நடந்து ஐம்பது அடி எண்ணி ஒப்பிடுங்கள். சர்க்கரைக்கோ முழங்காலுக்கோ அவருடைய மருத்துவர் அடிக் கணக்கைக் கேட்டால், வாக்கரோடு நடந்த கணக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

“கைப்பேசி 2900, கடிகாரம் 400. கூட்டி 3300 என்று எழுதலாமா?”

வேண்டாம். அந்த 400 பெரும்பாலும் அந்த 2900-க்குள்ளேயே இருக்கிறது. நல்ல செயலிகள் இரண்டு கருவிகளையும் கூட்டாமல் ஒன்றுக்கு முன்னுரிமை கொடுத்து எடுத்துக்கொள்ளும். முன்னுரிமை கடிகாரத்துக்கு இருந்தால், கைப்பேசி சரியாக எண்ணியும் பயனில்லாமல் போகலாம். அமைப்புகளில் போய் அந்த வரிசையைப் பாருங்கள்.

“வண்டியே தள்ளாத நாளில், வீட்டில் இருந்தபடியே என் மாமியாருக்கு மூவாயிரம் அடி காட்டுகிறது. இது எப்படி?”

தொட்டில். உத்தரத்திலிருந்து தொங்கும் சேலைத் தொட்டிலைக் கடிகாரம் கட்டிய கையால் ஆட்டினால், கை சீரான தாளத்தில் முன்னும் பின்னும் போகிறது. நடக்கும்போது கை வீசுவதும் அப்படித்தான். கடிகாரம் பாவம், ஏமாறுகிறது. அழுகிற குழந்தைக்காக நின்ற இடத்திலேயே வண்டியை முன்னும் பின்னும் உருட்டினாலும் இதேதான் நடக்கும். தள்ளி நடந்தால் எண்ணாத கடிகாரம், நின்று ஆட்டினால் எண்ணுகிறது!

இதில் ஒரு கெடுதல் ஒளிந்திருக்கிறது. காலையில் தொலைந்த மூவாயிரத்தை பகலில் தொட்டில் ஆட்டிய மூவாயிரம் நிரப்பிவிட்டால், நாளின் மொத்தம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். மொத்தத்தைப் பார்க்காதீர்கள், மணிவாரியாக எழும் பட்டைகளைப் பாருங்கள். நீங்கள் நடந்த ஆறு மணியில் பட்டை குட்டையாகவும், குழந்தை தூங்கிய இரண்டு மணியில் நெட்டையாகவும் இருக்கும். உங்கள் மாமியாரின் பட்டைகளை நான் பார்த்தேன். பகல் இரண்டு மணிக்கு நெட்டையான ஒன்று, இரவு ஒன்பதுக்கு இன்னொன்று. கடிகாரத்தை மறுகைக்கு மாற்றிக் கட்டச் சொன்னேன். அந்தக் கை ஓய்ந்தால் இந்தக் கையால் ஆட்டுகிறாராம்.